எங்க பூனை விடியக்காலைல மட்டும் மஞ்சத் தண்ணியா வாந்தி எடுக்குறா, சாப்பாடு வச்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பிடுறா. யாராவது பாத்திருக்கீங்களா?

மீனு_அம்மா (வேளச்சேரி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க மீனுக்கு 4 வயசு, கருத்தடை ஆபரேஷன் ஆன பொண்ணு, எடை 4.2 கிலோ, வீட்டுக்குள்ளயே இருக்குறவ. ஒரு மாசமா விடியக்காலைல 5 மணில இருந்து 6 மணிக்குள்ள எந்திரிச்சு, உதட்ட நாக்கால நக்கி நக்கி, நாலஞ்சு தடவை வயிறு உள்ள போய் வெளிய வர்ற மாதிரி ஓங்கரிச்சு, ஒரு ஸ்பூன் அளவு மஞ்சத் தண்ணி வெளிய வருது, மேல கொஞ்சம் நுரை. அதுல சாப்பாடு ஒண்ணும் இருக்காது, முடியும் இருக்காது. அப்புறம் 8 மணிக்கு சாப்பாடு வச்சா தட்ட நக்கி காலி பண்ணிடுறா, பகல் முழுக்க ஓட்டம் ஆட்டம், கக்கா உச்சா எல்லாம் சரியா இருக்கு. வீட்டுல அம்மா "பித்தம் ஏறியிருக்கு, சீரகத் தண்ணி குடு"ன்னு சொல்றாங்க, நான் இன்னும் ஒண்ணும் குடுக்கல. சாப்பாடு ட்ரை ஃபுட்தான், காலைல 8க்கு ஒண்ணு, சாயங்காலம் ஆறரைக்கு ஒண்ணு, ரெண்டு வேளை. 8 மாசமா அதே பிராண்ட்தான். பயப்படணுமா?

வேலூர்_பாபு

இது அசிடிட்டி சிஸ்டர். வெறும் வயித்துல ஆசிட் ஊறி வெளிய வருது. என் பூனைக்கும் இப்படித்தான் இருந்துச்சு, மெடிக்கல்ல வீட்டுக்காரிக்கு வாங்குற பேன்டோபிரசோல் 40ல கால்வாசி உடைச்சு காலைல குடுத்தேன், நாலு நாள்ல நின்னுடுச்சு. செலவே இல்ல. ராத்திரி கொஞ்சம் பாலும் வைங்க, வயித்த ஆத்தும்.

திருச்சி_சுப்பு

மாத்திரை எல்லாம் சும்மா குடுக்காதீங்கம்மா. எங்க வீட்டு கருப்பனுக்கு 13 வயசுல இதே மஞ்ச வாந்திதான் ஆரம்பம். நாங்களும் வெறும் வயிறுன்னு நெனச்சு ரெண்டு மாசம் விட்டுட்டோம். தண்ணி மட்டும் நிறைய குடிக்க ஆரம்பிச்சான், மணல் டப்பாவுல உருண்டை உருண்டையா பெருசா கட்டி வந்துச்சு, அத வெயில் காலம்னு நெனச்சுட்டோம். கடைசில ரத்தம் எடுத்து பாத்தா கிட்னி. கிரியேட்டினின் அதிகமா இருந்துச்சு. எடையும் 5 கிலோவுல இருந்து 3.6க்கு வந்திருந்தான், முடி அடர்த்தியா இருந்ததால எங்க கண்ணுக்கு தெரியல. உங்க பூனைக்கு ப்ளட் டெஸ்ட் எடுத்துடுங்க, நான் அனுபவிச்சது வேற யாரும் அனுபவிக்கக் கூடாது.

கோவை_கால்நடை

நான் சின்ன பிராணிகள் மட்டும் பாக்குற கிளினிக்ல 16 வருஷமா இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல மஞ்ச கலர் பத்தி. அந்த மஞ்சள் பித்தநீர்தான், ஆனா அது மட்டுமே ஒரு நோயோட பேர் கிடையாது. வயித்துல சாப்பாடு இல்லாத நேரத்துல எந்த காரணத்துக்காக பூனை வாந்தி எடுத்தாலும் பெரும்பாலும் மஞ்சளாத்தான் வரும். கிட்னி ஆனாலும் சரி, நூல முழுங்கினாலும் சரி, கணையத்துல வீக்கம் ஆனாலும் சரி, சும்மா பசியானாலும் சரி, கலர் ஒண்ணுதான். அதனால சுப்பு சார் பயப்படுறதுல அர்த்தம் இருக்கு. கலர விட்டுட்டு கடிகாரத்த பாருங்கன்னுதான் நான் எப்பவும் சொல்வேன்.

கல்லீரல் பித்தநீர சுரந்துகிட்டே இருக்கும், பெரும்பாலும் அது பித்தப்பைல போய் சேரும், சாப்பிட்டதும் பை சுருங்கி சிறுகுடலோட ஆரம்பத்துல ஊத்தும். சாப்பிடாத நேரத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுகிட்டுதான் இருக்கும். வயிறு ரொம்ப நேரம் காலியா கெடந்தா குடல்ல இருக்குற அந்த நீர் கொஞ்சம் பின்னால திரும்பி இரைப்பைக்குள்ள வந்துடுது. அங்க அத ஏந்திக்க சாப்பாடு இல்ல, நேரா சதைச் சுவர்ல படுது, எரியுது, உமட்டுது. இப்படித்தான் நாங்க புரிஞ்சுக்கறோம். நாய்ங்கள்ல இத அதிகமா பாக்குறோம், பூனைங்கள்ல கொஞ்சம் கம்மி, எல்லா பூனைக்கும் இதுதான் நடக்குதுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன்.

மீனு அம்மா, உங்க கணக்க பாருங்க. சாயங்காலம் ஆறரைல இருந்து காலை 8 வரைக்கும் பதிமூணரை மணி நேரம். வாந்தி வர்றப்போ பத்தரை மணி நேரம் தாண்டிடுச்சு. பூனைங்க இயல்பா எலி, பல்லி, பூச்சின்னு சின்ன சின்னதா ஒரு நாளைக்கு பல தடவை சாப்பிடுற ஜீவன். ரெண்டு வேளை சாப்பாடு நம்ம வசதிக்கு வச்சது. நிறைய பூனைங்க அத தாங்கிக்கும், சிலதால முடியாது.

ஒரே ஒரு கேள்வி, நல்லா யோசிச்சு சொல்லுங்க. வாந்தி எடுக்காத நாள் எது எது? வாந்தி வந்த நாள எல்லாரும் குறிச்சு வைப்பாங்க, வராத நாளத்தான் யாரும் பாக்க மாட்டாங்க.

பாபு சார், நீங்க சொன்னதுல பாதி சரி, வெறும் வயிறுங்கறது சரி. ஆனா மஞ்சளா வர்றது ஆசிட் இல்ல, பித்தநீர். பேன்டோபிரசோல் ஆசிட்ட கொறைக்கும், அதனால எரிச்சல் கொஞ்சம் அடங்கலாம், நாங்களும் சில பூனைக்கு எழுதிக் குடுப்போம், ஆனா எடை பாத்து, எத்தனை வேளை எத்தனை நாள்னு சொல்லித்தான். அந்த மாத்திரை மேல ஒரு கோட்டிங் இருக்கும், உடைச்சா வேலையே கெட்டுப் போகும். அது போக, வாரக்கணக்குல குடுத்துட்டு பட்டுனு நிறுத்தினா ஆசிட் முன்ன விட அதிகமா ஊறும். பால் வேண்டவே வேண்டாம், வளந்த பூனை நிறையத்துக்கு பால் செரிக்காது, வாந்தியோட பேதியும் சேரும்.

வேலூர்_பாபு

கோட்டிங் விஷயம் எனக்கு தெரியாது டாக்டர். ஆனா நின்னுச்சு, அது உண்மை. அந்த நாலு நாளும் மாத்திரை உள்ள போகணும்னு காலைல எந்திரிச்ச உடனே கொஞ்சம் மீனோட வச்சு குடுத்தேன், 5 மணிக்கே. ஒருவேளை அந்த மீன்தான் வேல செஞ்சிருக்குமோ?

கோவை_கால்நடை

இருக்கலாம் சார், வாய்ப்பு நிறைய இருக்கு.

யாழ்_தர்ஷினி

எல்லாருக்கும் வணக்கம், எனக்கும் இதே பிரச்சினைதான். என்ட பூனைக்குட்டிக்கு மூண்டு மாசம். நேற்று மத்தியானத்தில இருந்து மஞ்சளா சத்தி எடுக்குது, அஞ்சாறு தரம் எடுத்திட்டுது. சாப்பாடு கொஞ்சமும் தொடுறான் இல்லை. தண்ணிக் கோப்பைக்கு முன்னால போய் தலையைக் குனிஞ்சு இருக்கிறான், ஆனா குடிக்கிறான் இல்லை. இரவில கொஞ்சம் சோறும் மீனும் வைச்சுப் பார்க்கட்டோ?

கோவை_கால்நடை

தர்ஷினி, உங்க விஷயம் இது இல்லம்மா. வேற. சாப்பாட்டு நேரத்த மாத்தி சரி பண்ற நிலைமைல அந்தக் குட்டி இல்ல. தடுப்பூசி போட்டாச்சா? குட்டி சாப்பிடாம, திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணிக் கிண்ணத்துக்கு முன்னால தொங்கிப் போய் உக்காந்திருக்குன்னா முதல்ல எனக்கு பன்லூக்கோபீனியாதான் ஞாபகம் வரும், நாய்ங்களுக்கு வர்ற பார்வோ மாதிரி பூனைங்களுக்கு வர்ற வைரஸ். அதுவா இல்லாமயும் இருக்கலாம், ஆனா மூணு மாசக் குட்டி ஒரு நாள் சாப்பிடலன்னாலே உடம்புல சர்க்கரை எறங்கிடும், தண்ணி வத்திடும். இப்பவே பக்கத்துல இருக்குற மிருக வைத்தியர்ட்ட தூக்கிட்டுப் போங்க, நாளைக்கு வரைக்கும் வைக்காதீங்க. வாய்ல எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். ஒரு துணில சுத்தி சூடா வச்சு கொண்டு போங்க. வீட்டுல வேற பூனை இருந்தா தனியா வைங்க.

யாழ்_தர்ஷினி

ஊசி இன்னும் போடேல்லை. இப்ப ஓட்டோ கூப்பிட்டிட்டன், போறன்.

மீனு_அம்மா (வேளச்சேரி)

தர்ஷினி, குட்டி நல்லபடியா வரணும், வந்து சொல்லுங்கம்மா.

டாக்டர், நீங்க கேட்டதுக்கு அப்புறம் காலண்டர எடுத்து வச்சு உக்காந்தேன். வாந்தி எடுத்த நாள்ல மட்டும் சின்னதா புள்ளி வச்சிருந்தேன். கடைசி 21 நாள்ல 8 புள்ளி. அதுல ஒரு புள்ளி கூட ஞாயிறு, திங்கள் காலைல இல்ல. மூணு வாரமும் இல்ல! நான் இத கவனிக்கவே இல்ல. யோசிச்சு பாத்தா சனி, ஞாயிறு ராத்திரி என் தம்பி ஷிஃப்ட் முடிஞ்சு பன்னெண்டரைக்கு வருவான், அவன் சாப்பிடறப்போ இவ போய் கால சுத்துவா, அவனும் ஒரு கைப்பிடி ட்ரை ஃபுட் போடுவானாம். "நீ திட்டுவேன்னு சொல்லல"ன்னு இன்னைக்குத்தான் சொல்றான்.

கோவை_கால்நடை

உங்க தம்பி தெரியாமலே டெஸ்ட் பண்ணி முடிச்சுட்டாரு. ராத்திரி பன்னெண்டரைக்கு சாப்பாடு போன நாள் வாந்தி இல்ல, போகாத நாள்தான் வருது. இத விட நல்ல தடயம் கெடைக்காது.

இருந்தாலும் ஒரு தடவை நேர்ல காட்டிடுங்க, எடை, ஈறு கலர், வயித்த தொட்டு பாக்குறது, மலத்துல புழு, இவ்வளவுதான். எடை கொறையாம இருந்து, மத்த எல்லாம் சரியா இருந்தா, 4 வயசு பூனைக்கு நான் உடனே ரத்தம் எடுக்க சொல்ல மாட்டேன், சாப்பாட்ட மாத்தி ரெண்டு வாரம் பாக்க சொல்வேன். 8, 9 வயசுக்கு மேலன்னா சுப்பு சார் சொன்னதுதான், டெஸ்ட் முதல்ல. கிட்னி, தைராய்டு, சர்க்கரை மூணுமே வயசான பூனைல வாந்தியாவும் தலைகாட்டலாம்.

இப்ப ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிராம் போடுறீங்க? கப் கணக்கு வேண்டாம், சமையல் தராசுல நிறுத்து சொல்லுங்க.

மீனு_அம்மா (வேளச்சேரி)

நிறுத்துட்டேன். ஒரு வேளைக்கு 26 கிராம், ரெண்டு வேளை சேத்து 52. பாக்கெட்ல 100 கிராமுக்கு 380 கிலோ கலோரின்னு போட்டிருக்கு.

கோவை_கால்நடை

அப்ப கிட்டத்தட்ட 200 கலோரி, வீட்டுக்குள்ள இருக்குற 4.2 கிலோ பூனைக்கு சரியான அளவுதான். அந்த 52அ கூட்டவே கூடாது, பிரிக்க மட்டும் செய்யணும். எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். ராத்திரி சாப்பாட்ட மேல சேத்துக்குவாங்க, வாந்தி நின்னுடும், ஆறு மாசத்துல பூனை அஞ்சரை கிலோவுல வந்து நிக்கும்.

நான் இப்படி போடுவேன். காலை ஏழரைக்கு 14 கிராம். மத்தியானம் ஒண்ணரைக்கு 8. சாயங்காலம் 7க்கு 14. நீங்க படுக்கறதுக்கு முன்னாடி 11 மணிக்கு 10. மிச்சம் 6 கிராம் விடியக்காலைல. அந்த கடைசி 6 கிராம்தான் முக்கியம், அது எப்பன்னு பாருங்க. மீனு வாந்தி எடுக்குறது 5 மணிக்கு மேல. அப்ப சாப்பாடு நாலரைக்கே உள்ள போயிருக்கணும். சில பேர் 6 மணிக்கு சீக்கிரமா எந்திரிச்சு வச்சேன், கேக்கலன்னு வருவாங்க. உமட்டல் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சாப்பாடு வச்சா அதையும் சேத்து வெளிய தள்ளும். வழக்கமா வர்ற நேரத்துக்கு அரை மணி நேரமாவது முன்னாடி.

முதல் மூணு நாலு நாள் 11 மணி சாப்பாடு மட்டும் சேத்து பாருங்க. சில பூனைக்கு அதுவே போதும், விடியக்காலைல தானா சாப்பாடு போடுற ஃபீடர் மெஷின் வாங்குற செலவு மிச்சம்.

பாலு_மதுரை

இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க. எங்க வீட்டுல நாலு பூனை. கிண்ணத்த எப்பவும் நெரப்பியே வச்சிருக்கோம், பசிச்சப்போ போய் சாப்பிட்டுக்கும். 7 வருஷமா ஒண்ணு கூட மஞ்ச வாந்தி எடுத்ததில்ல. டாக்டரே சொல்றாரு பூனை பல தடவை சாப்பிடுற ஜீவன்னு, அப்ப கிண்ணம் திறந்திருந்தா அதுவே பாத்துக்கும். மெஷினு கிராமு எல்லாம் டவுன்காரங்க வேல.

கோவை_கால்நடை

பாலு அண்ணே, உங்க பூனைங்க வெளிய போய் ஓடி வர்றதா இருந்தா சரியா ஓடும், நான் இல்லன்னு சொல்லல. மஞ்ச வாந்திக்கு அது நிஜமாவே நல்ல வழிதான். ஆனா ஆபரேஷன் ஆகி ஃபிளாட்டுக்குள்ளயே இருக்குற பூனைக்கு கிண்ணம் திறந்தே இருந்தா நிறைய பூனை அளவு தெரியாம சாப்பிடும். அப்புறம் நாலு பூனைக்கு ஒரு கிண்ணம்னா எது சாப்பிடல, எது ரெண்டு நாளா பக்கத்துலயே வரலன்னு தெரியாது. பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா, அதுவும் குண்டு பூனையா இருந்தா, கல்லீரல்ல கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும்.

பாலு_மதுரை

எது வரலன்னு எங்களுக்கு தெரியும் டாக்டர், பேர் சொல்லி கூப்பிட்டா எல்லாம் வரும். நான் இத ஒத்துக்க மாட்டேன். ஆனா குண்டாகும்ங்கறது சரி, எங்க செவலை ஆறு கிலோ இருக்கா.

மீனு_அம்மா (வேளச்சேரி)

டாக்டர்ட்ட காட்டிட்டு வந்தேன். எடை அதே 4.2, ஈறு நல்லா பிங்க்கா இருக்கு, வயித்துல ஒண்ணும் தட்டுப்படல, பூச்சி மருந்து மட்டும் குடுத்தாங்க. 11 மணி சாப்பாடு 5 நாள் பாத்தோம். அஞ்சுல ஒரு தடவை வந்துச்சு, 6:10க்கு, முன்ன விட தள்ளிப் போயிருக்கு. அதனால ஃபீடர் வாங்கிட்டேன். அதுல "ஒரு போர்ஷன்"னு அழுத்தினா எத்தனை கிராம் விழுதுன்னு நிறுத்து பாத்தா ஒரு தடவை 5, ஒரு தடவை 9, சீரா இல்ல. பத்து தடவை போட்டு பாத்தேன், சராசரி 7 வருது. அதனால 11 மணி சாப்பாட்ட 9ஆ கொறச்சுட்டேன்.

இன்னொரு சந்தேகம், 11 மணிக்கு ட்ரை ஃபுட் நல்லதா வெட் ஃபுட் நல்லதா? எது வயித்துல அதிக நேரம் நிக்கும்?

திருச்சி_சுப்பு

வெட் ஃபுட்டுதான்மா, தண்ணி சேரும், கிட்னிக்கு நல்லது.

கோவை_கால்நடை

தண்ணி சேரும்ங்கறது சரி. வாந்திக்கு எது மேல்னு கேட்டா ஒவ்வொரு பூனையும் ஒவ்வொரு மாதிரிதான் இருந்திருக்கு, ஒண்ண சொல்லி கைகாட்ட முடியல. ட்ரை ஃபுட்ல நல்லாயிட்டு வர்றப்போ இப்ப மாத்தாதீங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா எது வேல செஞ்சுதுன்னு தெரியாது. ஆனா நாலரை மணி மெஷின்ல வெட் ஃபுட் வைக்கவே கூடாது, நம்ம ஊர் சூட்டுல ராத்திரியே கெட்டுப் போயிடும்.

யாழ்_தர்ஷினி

டொக்டர், குட்டிக்கு டெஸ்ட் எடுத்தவை, நீங்கள் சொன்ன அதே வைரஸ்தான். அண்டைக்கில இருந்து அங்கயே சேலைன் ஏத்துகினம். இண்டைக்கு சத்தி நிண்டிருக்குது, ஆனா இன்னும் தானாச் சாப்பிடேல்லை, ஊசியால கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கினம். இன்னும் ரெண்டு நாள் பொறுத்துத்தான் சொல்லலாமெண்டு சொல்லுகினம். நான் அண்டைக்கு இரவு சோறு வைச்சுப் பார்ப்பமெண்டு இருந்தனான்.

கோவை_கால்நடை

நல்ல வேளை அன்னைக்கே போனீங்க. வீட்டுல அந்தக் குட்டி இருந்த துணி, டப்பா எல்லாத்தையும் ப்ளீச் கலந்த தண்ணில ஊற வச்சு கழுவுங்க, முடியாதத எரிச்சுடுங்க. சாதாரண ஃபினாயிலுக்கு அந்த வைரஸ் சாகாது, அது போக ஃபினாயில் பூனைக்கே விஷம்.

மீனு_அம்மா (வேளச்சேரி)

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லணும்னு எழுதுறேன். முன்ன 21 நாள்ல 8, இப்ப 21 நாள்ல 2 தடவைதான். முதல் தடவை என்னாச்சுன்னு மறுநாளே கண்டுபிடிச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி மூணு மணிக்கு கரெண்ட் போயி 5 மணிக்குத்தான் வந்துச்சு, ஃபீடர்ல பேட்டரி போடல, நாலரை சாப்பாடு விழவே இல்ல, 5:40க்கு மஞ்சத் தண்ணி. கடிகாரம் மாதிரி. இப்ப மூணு பெரிய பேட்டரி போட்டிருக்கேன். ஃபீடர் வாங்குறவங்க பேட்டரி போடுற வசதி இருக்கான்னு பாத்து வாங்குங்க. எறும்பு இன்னொரு தொல்லை, மெஷின ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல செங்கல் வச்சு அதுக்கு மேல வச்சிருக்கேன். மழை நாள்ல ட்ரை ஃபுட் நமுத்துப் போய் அந்த சக்கரத்துல ஒட்டிக்குது, அதனால ரெண்டு நாளைக்கு உள்ளத மட்டும்தான் கொட்டுறேன்.

ரெண்டாவது தடவைக்கு காரணம் தெரியல. கரெண்ட் இருந்துச்சு, சாப்பாடு விழுந்துச்சு, அவ சாப்பிட்டதையும் கேமராவுல பாத்தேன், இருந்தும் வந்துச்சு.

எதிர்பாக்காத ஒண்ணு, முன்ன நாலு மணிக்கெல்லாம் என் மூஞ்சில கால வச்சு கத்துவா. இப்ப மெஷின் முன்னாடி போய் உக்காந்துடுறா, என்ன எழுப்புறதே இல்ல.

வேலூர்_பாபு

என் பூனைக்கு இன்சுலின் போடுறோம் சிஸ்டர், ரெண்டு வேளை. அதுக்கும் இந்த மாதிரி அஞ்சா பிரிக்கலாமா?

கோவை_கால்நடை

பாபு சார், நீங்களா பிரிக்காதீங்க. இன்சுலின் அளவும் நேரமும் சாப்பாட்டோட சேத்து கணக்கு போட்டது, உங்க டாக்டர்ட்ட கேட்டு சர்க்கரை பாத்துகிட்டுத்தான் மாத்தணும். போன தடவை சொன்ன அந்த பேன்டோபிரசோலயும் அவர்ட்ட சொல்லிடுங்க.

மீனு அம்மா, அந்த ரெண்டாவது தடவைய நான் இப்போதைக்கு பெருசா எடுக்க மாட்டேன், ஆனா காலண்டர்ல புள்ளி வைக்கறத நிறுத்தாதீங்க. மாசம் ஒரு தடவை எடை பாருங்க, நீங்க அவள தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறி, அப்புறம் நீங்க மட்டும் ஏறி கழிச்சா போதும். கால் கிலோ கொறஞ்சாலோ, பகல்ல வாந்தி வந்தாலோ, ஒரே நாள்ல ரெண்டு மூணு தடவை வந்தாலோ, வாந்தில காப்பித்தூள் மாதிரி எதாவது தெரிஞ்சாலோ, சாப்பாட்ட பாத்து மூஞ்ச திருப்பினாலோ அப்ப ரத்தமும் ஸ்கேனும் எடுத்துடலாம். பூனைங்களுக்கு குடல்ல மெதுவா வர்ற வீக்கமும் ஆரம்பத்துல இப்படித்தான் எப்பவாவது ஒரு வாந்தியா இருக்கும்.

திருச்சி_சுப்பு

நான் சொன்னா தப்பா எடுக்காதீங்க, அந்த ஒரு தடவைக்காகவே ரத்தம் எடுத்துடலாம்னு தோணுது. ஒரு தடவை ஊசி குத்துறதோட போயிடும்.

மீனு_அம்மா (வேளச்சேரி)

தப்பா எடுக்கல சுப்பு சார். வருஷாந்திர தடுப்பூசி அடுத்த மாசம் வருது, அன்னைக்கே ரத்தமும் எடுக்க சொல்லலாம்னு இருக்கேன். தர்ஷினி, குட்டி எப்படி இருக்கு?

யாழ்_தர்ஷினி

நேற்று வீட்ட கூட்டிக்கொண்டு வந்திட்டம். மெலிஞ்சுதான் கிடக்கிறான், ஆனா இண்டைக்கு விடிய தானா எழும்பி வந்து அவிச்ச கோழி ரெண்டு துண்டு சாப்பிட்டவன்.